சக்கரத்தில் பொருந்துகிறது, சுவரில் இடிக்கிறது: எதிர் நிறமும் அண்டை நிறமும் சொதப்பினால் எங்கே பார்ப்பது

நிறங்களை வட்டமாக அடுக்கிய வண்ணச் சக்கரத்தைப் பார்த்து நிறம் எடுப்பது ஐந்து நிமிட வேலை. ஒரு நிறத்துக்கு நேர் எதிரே இருப்பது எதிர் நிறம். அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் மூன்றை எடுத்தால் அண்டை நிறங்கள். விதி இவ்வளவுதான், யாரும் தப்பாகப் போட முடியாது. ஆனாலும் போஸ்டர் அச்சாகி வந்த பிறகோ, பெயின்டர் ஏணியை எடுத்துக்கொண்டு போன பிறகோ, "என்னமோ இடிக்குதே" என்று நிற்கிறோம்.

காரணம் எளிது. ஒரு நிறத்துக்கு மூன்று குணம் உண்டு. அது சிவப்பா பச்சையா என்பது ஒன்று. எவ்வளவு லைட், எவ்வளவு டார்க் என்பது இரண்டாவது. எவ்வளவு அழுத்தம், அதாவது கண்ணை அடிக்கிறதா, சாம்பல் கலந்த மாதிரி அடங்கி இருக்கிறதா என்பது மூன்றாவது. சக்கரம் முதல் குணத்தை மட்டும்தான் சொல்கிறது. அந்த நிறத்தை எவ்வளவு பரப்பில் பூசப் போகிறீர்கள், எந்த விளக்கில் பார்க்கப் போகிறீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நான் போஸ்டர் வடிவமைத்துப் பிழைக்கிறவன்; வீட்டுக்கு வண்ணம் அடிக்கும்போது உறவுக்காரர்களும் கூப்பிடுவார்கள். இதுவரை பார்த்த கோளாறுகளில் நிறத்தை மாற்றித்தான் தீர வேண்டும் என்று ஆனவை மிகக் குறைவு. மற்ற குணங்களில் ஒன்றைத் திருகினாலே போதும்.

அதனால் உங்கள் கோளாறு எதுவானாலும் முதலில் ஒரு சோதனை. அறையையோ போஸ்டரையோ போனில் படம் எடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இந்த ஒரு படத்தை வைத்துத்தான் கீழே பாதி விஷயம் ஓடுகிறது.

எழுத்து நடுங்குகிறது, கொஞ்ச நேரம் பார்த்தால் கண் வலிக்கிறது

எதிர் நிறங்களை வைத்துப் போஸ்டர் செய்பவர்களுக்கு வரும் முதல் தொல்லை இது. எனக்கு வந்தது ஒரு ரத்த தான முகாம் போஸ்டரில். ரத்தம் என்றால் சிவப்பு. மருத்துவம் என்பதால் பின்னணி பச்சை இருக்கட்டும் என்றார்கள். சிவப்புக்கு எதிர் நிறம் பச்சை என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது, எனக்கும் சரி என்றுதான் பட்டது. பச்சைப் பின்னணியில் சிவப்பில் தேதி, இடம், நேரம். திரையில் பார்க்கும்போதே எழுத்தின் ஓரம் நெளிவது போல இருந்தது. அச்சில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. சுவரில் ஒட்டிய பிறகு சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் சிவப்பு ஒரு கறை மாதிரி தெரிந்தது, தேதியைப் படிக்க முடியவில்லை.

அந்தப் போஸ்டரைக் கருப்பு வெள்ளையாக்கினேன். எழுத்தே இல்லை! சாம்பல் மேல் சாம்பல். சிவப்பும் பச்சையும் பெயரில்தான் எதிரெதிர். லைட்–டார்க் அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. எழுத்தின் ஓரத்தைக் கண்டுபிடிக்க நம் கண் பெரும்பாலும் லைட்–டார்க் வித்தியாசத்தைத்தான் நம்புகிறது. அந்த வித்தியாசம் இல்லாமல் நிறம் மட்டும் பலமாக மோதும்போது ஓரம் எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. அந்தத் தடுமாற்றம்தான் நடுக்கமாகத் தெரிகிறது. சிவப்பு–பச்சை பிரித்துப் பார்க்கச் சிரமப்படுகிறவர்களுக்கோ அங்கே எழுத்து இருப்பதே தெரியாது. ஆண்களில் அப்படிப்பட்டவர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

இதை எண்ணாகவும் பார்க்கலாம். இணையத்தில் கான்ட்ராஸ்ட் சரிபார்க்கும் பக்கங்கள் நிறைய உண்டு. இரண்டு நிறத்தின் குறியீட்டைக் கொடுத்தால் விகிதம் சொல்லும். 1 என்றால் வித்தியாசமே இல்லை, 21 என்றால் கருப்பும் வெள்ளையும். இணையதளங்களுக்கான பொது விதி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3 என்கிறது. போஸ்டருக்கு அந்த விதி கட்டாயமில்லை, ஆனால் நல்ல அளவுகோல். என் போஸ்டரின் கணக்கு இது:

```
#D32F2F  எழுத்து (சிவப்பு)
#388E3C  பின்னணி (பச்சை)
விகிதம்: 1.2
```

1.2 வைத்துக்கொண்டு தேதியை யார் படிப்பது?

இந்த இடத்தில் பலர் சிவப்பை விட்டுவிட்டு வேறு நிறம் தேடப் போவார்கள். வேண்டாம். பச்சையை அப்படியே கருக்கி #1B5E20 என்று ஆழமான பச்சையாக்கினேன். எழுத்தையெல்லாம் சந்தன வெள்ளைக்கு, #FFF8E1, மாற்றினேன். விகிதம் 7.4. சிவப்பை எழுத்திலிருந்து எடுத்து, நடுவில் ஒரு பெரிய ரத்தத் துளிக்கு மட்டும் வைத்தேன். அந்தத் துளிக்கும் ஆழப் பச்சைக்கும் விகிதம் 1.6தான், அதாவது துளியின் ஓரம் இன்னும் கொஞ்சம் நெளியும். அதற்குத் துளியைச் சுற்றி அதே சந்தன வெள்ளையில் ஒரு கோடு, அகலம் 3 மில்லிமீட்டர். நடுக்கம் நின்றது. சிவப்பும் பச்சையும் இரண்டும் இருக்கின்றன, ஒன்றை ஒன்று தொடவில்லை.

இந்தக் கோடு என் கண்டுபிடிப்பு அல்ல. பீரோவில் கிளிப்பச்சை உடலுக்கு அரக்கு பார்டர் போட்ட பட்டுப்புடவை இருந்தால் எடுத்துப் பாருங்கள். அப்பட்டமான எதிர் நிற ஜோடி, ஆனால் யாருக்கும் கண் வலிப்பதில்லை. ஒன்று, அரக்கு என்பது கருக்கிய சிவப்பு, பச்சையை விட நன்றாக டார்க். இரண்டு, உடல்தான் பெரும்பகுதி, பார்டர் கொஞ்சம். மூன்று, பல புடவைகளில் உடலும் பார்டரும் சேரும் இடத்தில் ஒரு ஜரிகைக் கோடு ஓடும். நான் போஸ்டரில் தட்டுத்தடுமாறிப் பிடித்த மூன்றும் அந்த ஒரு புடவையில் இருக்கின்றன. இப்போது எதிர் நிறம் வைத்துப் போஸ்டர் செய்யும்போதெல்லாம் "ஜரிகை எங்கே?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

பின்னணி லைட்டாகத்தான் வேண்டும் என்றால் தலைகீழாகச் செய்யலாம். #E8F5E9 என்ற மிக வெளிர் பச்சையில் #B71C1C என்ற அரக்குச் சிவப்பு எழுத்து. விகிதம் 5.8, நன்றாகப் படிக்கலாம்.

புத்தகத்தில் ஒரு எதிர் நிறம், கம்ப்யூட்டரில் வேறு எதிர் நிறம்

மேலே சிவப்புக்கு எதிர் பச்சை என்றேன். நீங்கள் ஏதாவது மென்பொருளின் நிறப் பெட்டியில் சிவப்பை 0 டிகிரியில் வைத்து 180 டிகிரி திருப்பினால் பச்சை வராது, வானமும் கடலும் கலந்த நீலப்பச்சை வரும். மஞ்சளைத் திருப்பினால் புத்தகத்தில் ஊதா, திரையில் நீலம். நீலத்தைத் திருப்பினால் புத்தகத்தில் ஆரஞ்சு, திரையில் மஞ்சள். யார் சொல்வது சரி?

இரண்டும் வெவ்வேறு சக்கரம். பள்ளி ஓவிய வகுப்பில் வரும் சக்கரம் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் மூல நிறமாக வைத்துச் சுற்றியது. பாவ்ஹவுஸ் என்ற ஜெர்மன் கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த யோஹன்னஸ் இட்டன் 1961இல் வெளியிட்ட நூலின் 12 நிறச் சக்கரம் இந்த வகை. வடிவமைப்புப் பாடங்களில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. திரையின் சக்கரம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளை வைத்துச் சுற்றியது. அதில் சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே 120 டிகிரிதான், 180 இல்லை.

வேண்டுமானால் உங்கள் கண்ணையே கேட்டுப் பாருங்கள். பளிச்சென்ற சிவப்புக் காகிதம் ஒன்றை அரை நிமிடம் இமைக்காமல் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். மிதக்கும் நிழல் இலைப் பச்சையாக இருக்காது, நீலம் ஏறிய பச்சையாக இருக்கும். இந்த விஷயத்தில் கண் திரைச் சக்கரத்தின் பக்கம் சாய்கிறது. அதற்காகப் புத்தகச் சக்கரத்தைத் தூக்கிப் போடத் தேவையில்லை. புடவையும் மரமும் சுவரும் அதோடுதான் நன்றாக ஒத்துப்போகின்றன என்பது என் அனுபவம். கோளாறு வருவது இரண்டையும் ஒரே வேலையில் கலக்கும்போது. முதல் ஜோடியைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு, மூன்றாவது நிறத்தைத் திரையில் 30 டிகிரி நகர்த்தி எடுத்தால், அண்டை நிறம் என்று நினைத்தது அண்டையாக இருக்காது. தொடங்கிய சக்கரத்திலேயே முடியுங்கள்.

திரையில் பளிச், அச்சில் ஒரு நிறம் மட்டும் செத்துவிட்டது

அச்சு மையால் திரையின் எல்லா நிறத்தையும் கொண்டுவர முடியாது. பளிச்சென்ற ஆரஞ்சு, பச்சை, நீலம் மூன்றும் அதிகம் அடிபடும். எதிர் நிற ஜோடியில் இதன் விளைவு மோசமாகத் தெரியும், ஏனென்றால் ஜோடியில் ஒன்று மங்கி மற்றது மங்காமல் நின்றால் சமநிலையே போய்விடும். நீலம்–ஆரஞ்சு போஸ்டரில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆழ்ந்த நீலம் வேண்டும் என்று அச்சின் நீல மையான சயான் 100 சதவீதம், இளஞ்சிவப்பு மையான மெஜன்டா 100 சதவீதம் கொடுத்தால் அச்சில் கத்தரிப்பூ நிறம்தான் வரும். ஆரஞ்சுக்கு எதிர் நீலம் என்று எடுத்தது ஊதாவாகி நிற்கும். மெஜன்டாவைச் சயானை விட 30ஆவது குறைவாக வையுங்கள். 100க்கு 70 என்பது தாங்கும், 60 இன்னும் பத்திரம். ஃபைலை முதல் நாளிலிருந்தே அச்சு மைகளின் நிறக் கணக்கான CMYKஇல் தொடங்குங்கள். கடைசி நிமிடத்தில் மாற்றினால் எது செத்தது என்று தேட நேரம் இருக்காது.

ஷேட் கார்டில் அழகு, சுவரில் கண்ணை அடிக்கிறது

இப்போது அறைக்கு வருவோம். இங்கே கோளாறு இரண்டு இடத்தில் இருக்கலாம், இரண்டையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, பரப்பு. தபால்தலை அளவில் அடக்கமாகத் தெரியும் நிறம், சுவர் முழுக்க வந்தால் அழுத்தமாகத் தெரியும். நான்கு சுவரும் ஒரே நிறமானால் ஒன்றின் ஒளி மற்றதில் பட்டுத் திரும்பி இன்னும் ஏறும். கார்டில் பிடித்த கட்டத்தை அப்படியே சொல்லாமல், அதே வரிசையில் ஒன்றிரண்டு கட்டம் லைட்டாகவோ, கொஞ்சம் சாம்பல் ஏறியதாகவோ எடுப்பது இதனால்தான். சில கடைகளில் மெஷினில் அதே ஷேடைப் பாதி அளவு சாயத்தோடு கலந்து கொடுப்பார்கள். லைட் நிறங்களுக்கு இது சரி. மயில் கழுத்து, அரக்கு மாதிரி டார்க் ஷேடுகளுக்கு வேண்டாம். டார்க் ஷேடு கலக்கும் பேஸில் வெள்ளை நிறமி மிகக் குறைவு. சாயத்தையும் பாதியாக்கினால் லைட்டாகாது, நீர்த்துப்போய் அடியில் உள்ள சுவர் தெரியும்.

மாதிரி பூசிப் பார்க்கிறவர்கள்கூட ஒரு இடத்தில் ஏமாறுகிறார்கள். பழைய மஞ்சள் சுவரின் நடுவே நீலப்பச்சையை ஒரு கை அகலம் பூசிவிட்டு, "இது ரொம்ப நீலமா இருக்கே" என்று மாற்றிவிடுவார்கள். அது நீலமாகத் தெரிவது சுற்றியுள்ள மஞ்சளால். பக்கத்து நிறம் தன் எதிர் நிறத்தை இதன் மேல் ஏற்றிவிடுகிறது. பாரிசில் கோப்லின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த மிஷேல் யூஜின் ஷெவ்ரூலிடம், கருப்பு நூலுக்குச் சாயம் சரியாக ஏறவில்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை மங்கச் செய்தன. அதைத் தொடர்ந்து அவர் எழுதிய பெரிய நூல் 1839இல் வந்தது. நமக்கு அதிலிருந்து வேண்டியது ஒரு சார்ட் பேப்பர் மட்டுமே. கனமான வெள்ளை சார்ட்டில், ஓரம் நான்கு விரல் வெள்ளை விட்டு, இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட் பூசி நன்றாகக் காய விடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் பெரும்பாலும் கொஞ்சம் டார்க். அப்புறம் அதை ஜன்னல் பக்கச் சுவரிலும் எதிர்ச் சுவரிலும் மாற்றி மாற்றி ஒட்டிப் பாருங்கள். இரண்டு இடத்தில் இரண்டு நிறமாகத் தெரியும். அதிக நேரம் உட்காரப் போகிற இடத்திலிருந்து தெரிவதை நம்புங்கள்.

இரண்டாவது இடம், கதவு. இதைத்தான் யாரும் எண்ணுவதில்லை. என் தங்கை வீட்டு ஹாலைச் சொல்கிறேன். 12க்கு 14 அடி, உயரம் 10. நீலப்பச்சைக்கு எதிரே சக்கரத்தில் இருப்பது சிவப்பேறிய ஆரஞ்சு. ஒரு சுவரை மயில் கழுத்து நிறமாக்கி, ஆரஞ்சில் திரைச்சீலை வாங்கி மாட்டியிருந்தாள். "அண்ணே, சக்கரத்த பாத்துதான் வாங்கினேன், ஆனா உள்ள வந்தா கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்றாள்.

நான் கதவைக் காட்டினேன். தேக்குக் கதவு இரண்டு, ஜன்னல் சட்டமும் தேக்கு, தரையில் சந்தன நிற டைல்ஸ். பழுப்பு என்று ஒரு நிறம் சக்கரத்தில் எங்கேயும் இல்லை, கவனித்திருக்கிறீர்களா? பழுப்பு என்பது கருக்கி அடக்கிய ஆரஞ்சுதான். சந்தன நிறம் என்பது வெளிறிய மஞ்சள் ஆரஞ்சு. அதாவது அவள் வீட்டில் எதிர் நிறம் ஏற்கெனவே மரமாகவும் தரையாகவும் இருந்தது. திரைச்சீலை வந்ததும் அது இரண்டாம் முறை வந்துவிட்டது, அதுவும் முழு அழுத்தத்தில்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். நான்கு சுவரும் சேர்த்து 520 சதுர அடி. மயில் கழுத்துச் சுவர் 12க்கு 10, 120 சதுர அடி, நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. கதவு இரண்டும் தலா 3க்கு 7, சேர்த்து 42. திரைச்சீலை இரண்டு, 4க்கு 7, அது 56. ஆக ஆரஞ்சுக் குடும்பம் கிட்டத்தட்ட 100 சதுர அடி, தரையைச் சேர்க்காமலேயே. உள் அலங்காரக்காரர்கள் 60–30–10 என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: அடங்கிய நிறம் 60 சதவீதம், முக்கிய நிறம் 30, எடுப்பான நிறம் 10. எதிர் நிற ஜோடியில் இரண்டு பேரும் 20க்கு 20 என்று சரிசமமாக நின்றால் யார் எஜமான் என்று தெரியாமல் மல்லுக்கட்டுவார்கள். தங்கை வீட்டில் அதுதான் நடந்தது.

சுவரைத் தொடவே இல்லை. திரைச்சீலையை மட்டும் வெளுக்காத பருத்தி நிறத்துக்கு மாற்றினாள். ஆரஞ்சுத் துணியில் நல்ல பகுதியை வெட்டி இரண்டு குஷன் உறை தைத்துக்கொண்டாள். தேக்கு இப்போது தனியாகத் தெரிகிறது. மயில் கழுத்து பக்கத்தில் வந்த பிறகு அந்தக் கதவு பாலிஷ் போட்டது போல இருக்கிறது என்று வருகிறவர்கள் சொல்கிறார்களாம். ஷெவ்ரூல் கருப்பு நூலில் கண்ட அதே விஷயம்தான், இங்கே நமக்குச் சாதகமாக.

ஆகவே அறைக்குச் சக்கரத்தைத் திறப்பதற்கு முன்னால், மாற்ற முடியாததை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்: தரை, கதவு, ஜன்னல், சோபா. சிவப்பு ரெட் ஆக்சைடு தரை இருக்கிற பழைய வீடு என்றால் சக்கரத்தில் உங்கள் முதல் புள்ளி அங்கே வைத்தாகிவிட்டது.

பகலில் சரி, ராத்திரி வேறு வீடு மாதிரி இருக்கிறது

பல்பு அட்டையைப் பாருங்கள். 2700K அல்லது 3000K என்றால் மஞ்சள் வெளிச்சம், 6500K என்றால் டியூப்லைட் வெள்ளை. மஞ்சள் பல்பு ஆரஞ்சைத் தூக்கிவிடும், நீலத்தைச் சாம்பலாக்கும். வெள்ளை டியூப் அப்படியே தலைகீழ்: நீலப்பச்சை குளிர்ந்து முன்னால் வரும், தேக்கும் சந்தனமும் உயிரில்லாமல் போகும்.

எதிர் நிற ஜோடி இதில் அதிகம் பாதிக்கப்படும், ஏனென்றால் வெளிச்சம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒருவர் ஏறுவார், மற்றவர் இறங்குவார். அண்டை நிறங்கள் மூன்றும் சேர்ந்தே நகர்வதால் அவற்றுக்குள் உள்ள உறவு அவ்வளவு கெடாது. ராத்திரிதான் அதிகம் புழங்கும் அறை, பல்பையும் மாற்ற முடியாது என்றால், அண்டை நிறத்துக்குப் போவது பத்திரம். மாற்ற முடியும் என்றால் நடுவில் இருக்கும் 4000Kஐப் போட்டுப் பாருங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் CRI என்ற எண் அட்டையில் இருந்தால் 90க்கு மேல் இருப்பதை எடுங்கள். விலை கொஞ்சம் கூட, ஆனால் சிவப்பும் மரமும் சரியாகத் தெரியும். சார்ட் பேப்பர் மாதிரியை ராத்திரி எட்டு மணிக்கும் ஒருமுறை பார்ப்பதில் காசு செலவில்லை. இதைச் செய்யாமல் பகல் பதினோரு மணிக்கு நிறம் முடிவு செய்தவர்கள்தான் என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர்.

அண்டை நிறம்தான் வைத்தேன், ஒன்றும் தப்பில்லை, ஆனால் தூங்கி வழிகிறது

எதிர் நிறத்தின் நோய் சண்டை என்றால், அண்டை நிறத்தின் நோய் சோம்பல். நீலம், நீலப்பச்சை, பச்சை என்று மூன்று அடுத்த வீட்டுக்காரர்களை எடுத்துப் படுக்கையறையில் சுவர், திரைச்சீலை, போர்வை என்று பிரித்துக் கொடுத்திருப்பீர்கள். கெட்டது என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது, ஆனால் கண் எங்கேயும் நிற்காது.

அந்தக் கருப்பு வெள்ளைப் படத்தை எடுங்கள். மூன்றும் ஒரே சாம்பலாக இருக்கும். கடையில் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பொருத்தம் பார்க்கும்போது, நம்மை அறியாமலே ஒரே அளவு லைட்டாக இருப்பதைப் பொறுக்கி எடுத்துவிடுகிறோம். நிறத்திலும் வித்தியாசம் குறைவு, லைட்–டார்க்கிலும் குறைவு என்றால் கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நிறத்தை மாற்றாமல் படி இறக்குங்கள்: சுவருக்கு நீலப்பச்சையின் மிக வெளிர் சாயல், போர்வைக்குப் பச்சையின் நடு அளவு, திரைச்சீலையின் கீழ்க்கரைக்கோ தலையணை உறைக்கோ கரு நீலம். படத்தில் வெள்ளை, சாம்பல், கிட்டத்தட்ட கருப்பு என்று மூன்று படி தெரிந்தால் போதும்.

போஸ்டரிலும் அப்படியே. மஞ்சள், மஞ்சள் ஆரஞ்சு, ஆரஞ்சு என்று புத்தகத் திருவிழாவுக்கு ஒரு போஸ்டர் செய்தால் வெயிலடிக்கும் மாதிரி அழகாக இருக்கும், தலைப்பு மட்டும் கரைந்துவிடும். வெள்ளையில் தலைப்பு போட்டால் இன்னும் மோசம். பளிச் மஞ்சள் மேல் வெள்ளைக்கு விகிதம் 1.07தான். தலைப்புக்கு அதே ஆரஞ்சைக் கருக்கி, காப்பிக்கொட்டை நிறமாக்குங்கள். அது இன்னும் ஆரஞ்சுதான், அண்டை நிற விதி மீறப்படவில்லை. தேக்குக் கதவில் பார்த்தோமே, அதேதான்.

படி இறக்கியும் உயிர் வரவில்லை என்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுக்கலாம். நீலம்–பச்சை படுக்கையறையில் ஒரு செம்மண் நிறப் பூந்தொட்டி. மஞ்சள்–ஆரஞ்சு போஸ்டரில் நுழைவு நேரத்துக்கு மட்டும் ஒரு ஊதா வட்டம். சிட்டிகை என்றால் சிட்டிகைதான். பூந்தொட்டி நன்றாக இருக்கிறதே என்று அதே நிறத்தில் மிதியடியும் விளக்குக் கூடும் வாங்கிப் போட்டால், மறுபடியும் தங்கை வீட்டு ஹாலுக்கே வந்து நிற்பீர்கள்.